ரிம் பெரிதாகும், சக்கரம் பெரிதாகாது: 14 இன்ச்சிலிருந்து 17 இன்ச் வரை ஒரு டயர் கணக்கு

காருக்கு 16 இன்ச் அலாய் போடலாமா என்று கேட்டால், கடைக்குக் கடை பதில் மாறும். ஒருவர் ஸ்பீடோமீட்டர் தப்பாகக் காட்டும் என்பார். அடுத்தவர் ஒன்றும் ஆகாது, தாராளமாகப் போடுங்கள் என்பார். இரண்டும் சில நேரங்களில் சரி, சில நேரங்களில் தவறு. ரிம்மோடு சேர்த்து எந்த டயரைப் போடுகிறோம் என்பதுதான் அதை முடிவு செய்கிறது.

ரிம்மின் விட்டத்தைக் கூட்டி, அதே அளவுக்கு டயரின் உயரத்தைக் குறைத்து, மொத்தச் சக்கரத்தின் விட்டத்தை மாற்றாமல் வைப்பதைத்தான் பிளஸ் சைஸிங் என்கிறார்கள். ஒரு இன்ச் கூட்டினால் பிளஸ் ஒன், இரண்டு கூட்டினால் பிளஸ் டூ. வடையின் வெளிவட்டம் அப்படியே இருக்க, நடுவில் உள்ள ஓட்டை மட்டும் பெரிதாவதைப் போல: இரும்போ அலுமினியமோ இருக்கும் பகுதி கூடுகிறது, ரப்பர் இருக்கும் பகுதி குறைகிறது.

நம் ஊரில் எங்கும் ஓடும் மாருதி ஸ்விஃப்ட்டையே எடுத்துக்கொள்வோம். அதன் கீழ் வேரியன்ட்களில் 165/80 R14 டயர் வருகிறது, மேல் வேரியன்ட்களில் 185/65 R15. ஒரே கார், ஒரே கியர்பாக்ஸ், இரண்டு ரிம் அளவுகள். கம்பெனியே செய்து காட்டியிருக்கும் பிளஸ் ஒன் இது. அங்கிருந்து 16, 17 என்று மேலே போனால் என்ன ஆகிறது என்று பார்க்கலாம்.

## டயரின் பக்கத்தில் எழுதியிருப்பதைப் படிப்பது

165/80 R14 என்பதில் மூன்று விஷயங்கள் இருக்கின்றன.

1. 165 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில்.
2. 80 என்பது டயரின் பக்கச்சுவர், அதாவது சைட்வால் எவ்வளவு உயரம் என்பது. இது மில்லிமீட்டர் கணக்கு இல்லை, அகலத்தில் எத்தனை சதவீதம் என்ற கணக்கு. 165-இல் 80 சதவீதம், அதாவது 132 மி.மீ. இதைத்தான் புரொஃபைல் என்கிறார்கள்.
3. R என்பது ரேடியல் டயர் என்பதைக் குறிக்கும். 14 என்பது ரிம்மின் விட்டம், இன்ச்சில்.

இரண்டாவது எண்ணில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். அது சதவீதம் என்பதால், அகலம் மாறினால் அதே எண் வேறு உயரத்தைத் தரும். 195/55 டயரின் சைட்வால் 107 மி.மீ.; 205/55 டயரின் சைட்வால் கிட்டத்தட்ட 113 மி.மீ. இரண்டும் '55 புரொஃபைல்'தான், ஆனால் மேலும் கீழும் சேர்த்து விட்டத்தில் 11 மி.மீ. வித்தியாசம் வந்துவிடும். அதனால் 'இந்த வண்டிக்கு 55 போடலாம்' என்று மொட்டையாகச் சொல்வதில் அர்த்தமில்லை. அகலத்தையும் சேர்த்துச் சொன்னால்தான் அது ஒரு அளவு.

## விட்டக் கணக்கு

சூத்திரம் எளிது. ரிம்முக்கு மேலே ஒரு சைட்வால், கீழே ஒரு சைட்வால், நடுவில் ரிம்:

```
விட்டம் (மி.மீ.) = 2 × அகலம் × புரொஃபைல் ÷ 100 + ரிம் × 25.4
```

165/80 R14-க்கு: சைட்வால் இரண்டும் சேர்த்து 264, ரிம் 14 × 25.4 = 355.6. மொத்தம் 619.6 மி.மீ.

மற்ற மூன்றையும் இதே வழியில் போட்டால்:

1. 185/65 R15: சைட்வால் 120 மி.மீ., மொத்தம் 621.5 மி.மீ. வித்தியாசம் 0.3 சதவீதம் அதிகம்.
2. 195/55 R16: சைட்வால் 107 மி.மீ., மொத்தம் 620.9 மி.மீ. வித்தியாசம் 0.2 சதவீதம் அதிகம்.
3. 205/45 R17: சைட்வால் 92 மி.மீ., மொத்தம் 616.3 மி.மீ. வித்தியாசம் 0.5 சதவீதம் குறைவு.

ரிம் மூன்று இன்ச் கூடியும் மொத்த விட்டம் அரை சதவீதத்துக்குள் நிற்கிறது. படிக்குப் படி அகலம் 10 அல்லது 20 கூட, புரொஃபைல் 10 அல்லது 15 குறைகிறது. டயர் அளவுகள் இப்படி வரிசை வரிசையாகக் கிடைப்பதால்தான் இந்த மாற்றமே சாத்தியமாகிறது.

எவ்வளவு வித்தியாசம் வரை பொறுத்துக்கொள்ளலாம்? கடைகளில் 3 சதவீதம் வரை பரவாயில்லை என்று சொல்வது வழக்கம். ஒரு விஷயத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். புது டயரில் பட்டன் ஆழம் சுமார் 8 மி.மீ. இருக்கும், தேய்ந்து மாற்ற வேண்டிய நிலையில் 1.6 மி.மீ. ஆகும். அந்த ஒரே டயரின் விட்டம் அதன் ஆயுளில் கிட்டத்தட்ட 13 மி.மீ., அதாவது 2 சதவீதம் குறைகிறது. வண்டி அதைத் தாங்கும்படிதான் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. ஆனால் தேய்மானம் எப்போதும் சிறிதாகும் திசையில்தான் போகும். அதனால் என் கணக்கில், சிறிதாகும் பக்கம் 2 சதவீதம் வரை போகலாம், பெரிதாகும் பக்கம் 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

## விட்டத்தை ஏன் மாற்றக் கூடாது

ஸ்பீடோமீட்டர் சாலையைப் பார்த்து வேகத்தைச் சொல்வதில்லை. சக்கரமோ கியர்பாக்ஸின் வெளிவரும் தண்டோ எத்தனை முறை சுற்றுகிறது என்று எண்ணி, ஒரு சுற்றுக்கு இவ்வளவு தூரம் என்று கம்பெனி பதிந்து வைத்த எண்ணால் பெருக்குகிறது. டயர் தரையில் படும் இடத்தில் சற்று நசுங்குவதால், ஒரு சுற்றில் ஓடும் தூரம் விட்டத்தின் 3.14 மடங்கு இருக்காது. ரேடியல் டயருக்கு 3.05 மடங்கு என்று வைத்துக் கணக்கிடுவது தொழில் வழக்கம். ஸ்விஃப்ட்டின் 14 இன்ச் சக்கரம் ஒரு சுற்றுக்கு சுமார் 1.89 மீட்டர் ஓடும், ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 529 சுற்றுகள்.

இப்போது ஒரு தப்பான மாற்றத்தைப் பார்ப்போம். சிறிய எஸ்யூவிகளில் 205/60 R16 சாதாரணமாக வரும் அளவு என்பதால், 16 இன்ச் ரிம் கேட்டவருக்குக் கடையில் கையிருப்பில் இருக்கும் அந்த டயரே மாட்டப்படுகிறது என்று வையுங்கள். அதன் விட்டம் 652.4 மி.மீ. பழையதைவிட 5.3 சதவீதம் அதிகம். என்ன நடக்கும்?

முதலில் வேகம். பழைய டயரோடு சரியாகக் காட்டிய மீட்டர் என்றால், அது 100 காட்டும்போது வண்டி 105-இல் போகும். உலகின் பல நாடுகள் பின்பற்றும் ஐ.நா. வாகன விதி எண் 39, ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது என்கிறது. கூட்டிக் காட்ட மட்டும் ஓர் அளவு வரை இடம் தருகிறது. அதனால்தான் கம்பெனிகள் மீட்டரைக் கொஞ்சம் கூட்டிக் காட்டும்படி வைக்கின்றன. பெரிய டயர் அந்த இடைவெளியைத் தின்றுவிடும். ஓடோமீட்டரும் ஓடிய தூரத்தைக் குறைத்தே எண்ணும். மைலேஜ் குறைந்துவிட்டது என்று புலம்புவதில் ஒரு பகுதி இப்படி வந்த கணக்குப் பிழைதான்.

அப்புறம் இழுவை. சக்கரம் 5 சதவீதம் பெரிதானால் எல்லா கியரும் 5 சதவீதம் நீண்டுவிடும். 1.2 லிட்டர் இன்ஜினுக்கு மேம்பாலம் ஏறும்போதும், முழு ஆளோடு முதல் கியரில் கிளம்பும்போதும் இது தெரியும். பிரேக்கும் அதே நெம்புகோல் கணக்கில் சற்று பலம் இழக்கும்.

கடைசியாக இடம். விட்டம் 33 மி.மீ. கூடினால் சக்கரம் எல்லாப் பக்கமும் 16 மி.மீ. வெளியே வரும். ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து ஒரு ஸ்பீட் பிரேக்கரில் ஏறினால், உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் லைனரில் டயர் உரசும் சத்தம் கேட்கும்.

195/55 R16 போட்டிருந்தால் இவை எதுவுமே இல்லை. அதே 16 இன்ச் ரிம்தான். தவறு டயரில்தான் இருந்தது.

ஏபிஎஸ் பற்றியும் ஒரு வார்த்தை. அது நான்கு சக்கரங்களின் சுழற்சி வேகத்தை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, எது வழுக்குகிறது என்று கண்டுபிடிக்கிறது. நான்கும் ஒரே விட்டம் என்றால் அதற்குக் குழப்பமில்லை. பட்ஜெட்டுக்காக முன்னால் இரண்டை மட்டும் வேறு விட்டத்தில் மாற்றினால்தான் சிக்கல். விட்டத்தைக் காப்பாற்றியதில் இன்னொரு லாபமும் உண்டு: டிக்கியில் கிடக்கும் பழைய 14 இன்ச் ஸ்டெப்னி, பஞ்சரானால் பக்கத்துக் கடை வரை மெதுவாக ஓட்டிப் போக உதவும், உயரம் ஒன்றுதான் என்பதால்.

## விட்டம் ஒத்துவந்த பிறகும் மாறுபவை

விட்டக் கணக்கு சரியாக வந்ததும் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். இணையத்தில் கிடைக்கும் டயர் கால்குலேட்டர்கள் பலவும் அங்கேயே நின்றுவிடுகின்றன. ஆனால் கொடுத்து வாங்கியது எதை என்று பாருங்கள்: சைட்வால் 132-இல் தொடங்கி 120, 107, 92 என்று இறங்கியிருக்கிறது. 17 இன்ச்சுக்கு வரும்போது ரப்பர் உயரத்தில் 40 மி.மீ. போய்விட்டது.

இதில் கிடைக்கும் நன்மை உண்மையானது. வளைவில் திரும்பும்போது உயரமான சைட்வால் பக்கவாட்டில் வளையும், ஸ்டியரிங்கைத் திருப்பிய பிறகு ஒரு கணம் தாமதித்தே வண்டி திரும்பும். சைட்வால் குட்டையானால் அந்தத் தாமதம் குறையும். 14-இலிருந்து 15-க்கு மாறும்போதே இது கையில் தெரியும். வேகமாக ஓட்டுபவர்கள் இதற்காகத்தான் மாற்றுகிறார்கள், வெறும் அழகுக்காக மட்டுமில்லை.

பிடிமானம் பற்றிய ஒரு நம்பிக்கையை மட்டும் திருத்த வேண்டும். அகலமான டயர் என்றால் தரையில் படும் பரப்பும் அந்த அளவுக்குக் கூடும் என்று நினைப்பார்கள். அந்தப் பரப்பைப் பெரும்பாலும் முடிவு செய்வது எடையும் காற்றழுத்தமும்தான். ஒரு சக்கரத்தின் மேல் 300 கிலோ, காற்று 33 பிஎஸ்ஐ, அதாவது சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 2.3 கிலோ என்றால், தரையில் படும் பரப்பு ஏறக்குறைய 130 சதுர சென்டிமீட்டர். 165 போட்டாலும் 205 போட்டாலும் அதைச் சுற்றியேதான் இருக்கும். மாறுவது வடிவம்: ஒடுக்கமாக நீண்டிருந்தது அகலமாகக் குறுகும். வளைவில் அது உதவும். தேங்கிய மழைநீரில் அகல டயர் தண்ணீரை விலக்க அதிகம் சிரமப்படும், அதனால் ஒடுக்கமான டயரைவிடக் குறைந்த வேகத்திலேயே மிதக்கத் தொடங்கும். பட்டன் தேய்ந்த பிறகு இந்த வேறுபாடு ஆபத்தான அளவுக்குப் போகும்.

### பள்ளத்தில் என்ன நடக்கிறது

60-இல் போகும்போது கூர்மையான விளிம்புள்ள பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறினால், டயர் அந்த விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவில் நசுங்குகிறது. 132 மி.மீ. சைட்வால் மடிந்து அந்த அடியை உறிஞ்சிவிடும். 92 மி.மீ. சைட்வாலுக்கு மடிய இடமில்லை, முழுதாகத் தட்டையாகி ரிம்மின் உதட்டில் மோதும். அப்போது இரண்டில் ஒன்று நடக்கும். அலாயின் உதடு வளையும் அல்லது விரிசல் விடும், இல்லையென்றால் சைட்வாலுக்குள் இருக்கும் நூல் இழைகள் அறும்.

இழை அறுந்தால் வெளியே தெரிவது ஒரு புடைப்பு. டயரின் பக்கத்தில் எலுமிச்சை அளவுக்கு வீங்கி நிற்கும். அந்த இடத்தில் காற்றைத் தாங்கி நிற்பது வெறும் ரப்பர் மட்டும்தான். அதை ஒட்டவோ தைக்கவோ முடியாது, டயரையே மாற்ற வேண்டும். அடிபட்ட அன்றே புடைப்பு தெரியாமல் சில நாள் கழித்து வருவதும் உண்டு. அதனால் பலமான அடி வாங்கிய பிறகு வெளிப்பக்கத்தை மட்டும் பார்த்துத் திருப்தியடையாமல், உட்பக்கச் சைட்வாலிலும் கையை ஓட்டிப் பார்க்க வேண்டும்.

ரிம் வளைந்ததற்கான அடையாளம் வேறு. 80, 90 வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கும், வீல் பேலன்சிங் செய்தாலும் திரும்பத் திரும்ப வரும். இல்லையென்றால் ஒரே ஒரு சக்கரத்தில் மட்டும் வாரத்துக்கு வாரம் காற்று இறங்கும், பஞ்சர் கடையில் தண்ணீரில் போட்டால் ரிம் உதட்டோரம் குமிழி வரும்.

### சுமை எண்: பலர் பார்க்காத இடம்

டயரில் அளவுக்குப் பக்கத்தில் 85T, 88H என்று ஒரு குறி இருக்கும். எழுத்து அதிகபட்ச வேகத்துக்கு. எண், அந்த டயர் எத்தனை கிலோ தாங்கும் என்பதற்கான குறியீடு. 84 என்றால் 500 கிலோ, 85 என்றால் 515, 87 என்றால் 545, 88 என்றால் 560.

சுமையைத் தாங்குவது டயருக்குள் இருக்கும் காற்று. சைட்வால் குட்டையானால் காற்றுக்கு இடம் குறையும், அகலம் கூடினாலும் அது முழுதாக ஈடாகாது. 165/80 R14 வழக்கமாக 85. 185/65 R15 வழக்கமாக 88, 195/55 R16 வழக்கமாக 87. இதுவரை நல்லது. 205/45 R17-இன் சாதாரண வகை 84. பார்வைக்கு முரட்டுத்தனமாக இருக்கும் அந்தப் பெரிய சக்கரம், பழைய ஒல்லி டயரைவிடக் குறைவாகத் தாங்குகிறது!

இதற்காக XL என்று குறித்த, பலப்படுத்திய வகை வருகிறது. அதில் 205/45 R17-க்கு 88 கிடைக்கும். ஆனால் அந்த 560 கிலோவை அது 42 பிஎஸ்ஐ காற்றில்தான் தாங்கும், சாதாரண டயர் தன் முழுச் சுமையை 36-இலேயே தாங்கிவிடும். XL-இல் 36 மட்டும் அடித்தால் தாங்கும் சுமை சுமார் 500 கிலோவுக்கு இறங்கிவிடும். ஆகவே கதவோரத்து ஸ்டிக்கரில் எழுதியிருக்கும் அழுத்தத்தை அப்படியே வைத்தால் போதாது. பழைய டயரின் தாங்குதிறனுக்கு ஈடாக ஒன்றரை, இரண்டு பிஎஸ்ஐ கூட்ட வேண்டும். சைட்வால் ஏற்கனவே குட்டை, இப்போது காற்றும் கூடுதல். பின் சீட்டில் உட்காருபவர்கள் இதை ஒவ்வொரு குழியிலும் உணர்வார்கள்.

## ரிம் வாங்கும்போது

விட்டம் மட்டும் பார்த்து ரிம் வாங்க முடியாது. ஸ்விஃப்ட்டுக்கு நான்கு போல்ட், அவை அமையும் வட்டத்தின் விட்டம் 100 மி.மீ., நடுத்துளை 54.1 மி.மீ. வெளியே விற்கும் அலாய்களில் நடுத்துளை பெரிதாக இருக்கும். அந்த இடைவெளியை நிரப்ப ஹப் ரிங் என்ற வளையம் போட வேண்டும். போடாமல் விட்டால் ரிம் நட்டமத்தியில் உட்காராது, அந்த நடுக்கத்தை எந்த பேலன்சிங்கும் போக்காது.

ரிம்மின் அகலமும் டயருக்குப் பொருந்த வேண்டும். 195/55 R16-க்கு 5.5 முதல் 7 இன்ச் அகல ரிம்கள் அனுமதிக்கப்பட்டவை, 205/45 R17-க்கு 6.5 முதல் 7.5 வரை. அடுத்தது ஆஃப்செட். ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து அது ஹப்பில் உட்காரும் தளம் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதை ET என்ற எழுத்தோடு மில்லிமீட்டரில் எழுதியிருப்பார்கள். எடுத்துக்காட்டாக 5.5 இன்ச், ET45 ரிம்மைக் கழற்றிவிட்டு 6.5 இன்ச், ET38 போடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். அகலம் 25.4 மி.மீ. கூடியதால் இருபுறமும் 12.7 நகரும். ஆஃப்செட் 7 குறைந்ததால் மொத்தமும் 7 வெளியே தள்ளப்படும். ஆக வெளிப்பக்கம் கிட்டத்தட்ட 20 மி.மீ. நீட்டிக்கொண்டு வரும், உள்பக்கம் 6 மி.மீ. மட்டும். விட்டம் துல்லியமாக ஒத்துப்போன சக்கரமும் இந்த 20 மி.மீ.யால் ஆர்ச்சில் உரசலாம். வீல் பேரிங்கின் மேல் சுமையும் கூடும்.

## சட்டமும் வாரன்டியும்

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் பிரிவு 52, பதிவுச் சான்றிதழில் உள்ள, தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளாவில் இருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்தமாகச் சொன்னது. அதனால், அந்த மாடலின் ஏதாவது ஒரு வேரியன்ட்டில் கம்பெனியே கொடுக்கும் அளவுக்குள் நிற்பது பாதுகாப்பானது. ஸ்விஃப்ட்டில் 14-இலிருந்து 185/65 R15-க்கு மாறுவது அப்படிப்பட்டது. 16, 17-க்குப் போனால் சஸ்பென்ஷன், பேரிங் கோளாறுகளுக்கு வாரன்டி மறுக்கப்படலாம், விபத்துக் காப்பீட்டில் கேள்வி வரலாம். மாற்றியதைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்துவிடுவது நல்லது.

## எந்த இடத்தில் நிறுத்துவது

என் பரிந்துரை, 14 இன்ச்சில் ஓட்டுபவர் கண்ணை மூடிக்கொண்டு 15-க்குப் போகலாம். ஸ்டியரிங்கில் கிடைக்கும் முன்னேற்றத்தின் பெரும்பகுதி அந்த முதல் படியிலேயே கிடைத்துவிடுகிறது, 120 மி.மீ. சைட்வால் நம் சாலைகளுக்குப் போதும், சுமை எண்ணும் கூடுகிறது. 195/55 R16 பெரும்பாலும் நெடுஞ்சாலையில் ஓட்டுபவருக்குச் சரி. 205/45 R17 கணக்கில் அழகாக வந்தாலும் இந்த வண்டிக்கு வேண்டாம் என்பேன். சைட்வாலும் சுமையும் இரண்டுமே எதிராக நிற்கின்றன.

மாட்டிய அன்று கடையை விட்டுக் கிளம்பும் முன் பார்க்க வேண்டியவை நான்கு.

1. நான்கு டயரிலும் அளவு, சுமை எண் இரண்டும் நீங்கள் கேட்டதுதானா என்று படித்துப் பாருங்கள்.
2. பின் சீட்டில் மூன்று பேரை உட்கார வைத்து, ஸ்டியரிங்கை இருபக்கமும் முழுதாக ஒடித்து, ஒரு ஸ்பீட் பிரேக்கரில் மெதுவாக ஏறி இறங்குங்கள். உரசல் சத்தம் வந்தால் அங்கேயே திருப்பிக் கொடுங்கள்.
3. நேரான சாலையில் ஜிபிஎஸ் வேகத்தையும் மீட்டர் வேகத்தையும் பக்கத்தில் இருப்பவரை ஒப்பிடச் சொல்லுங்கள். மீட்டர் சற்றுக் கூட்டிக் காட்ட வேண்டும். ஜிபிஎஸ்ஸைவிடக் குறைத்துக் காட்டினால் டயர் பெரிது.
4. 100 கிலோமீட்டர் வாக்கில் ஓட்டிய பிறகு டார்க் ரெஞ்சால் வீல் நட்டுகளை மறுபடி இறுக்கச் சொல்லுங்கள். புது அலாயில் நட்டு உட்காரும் இடம் படிந்து, முதல் ஓட்டத்திலேயே கொஞ்சம் தளர்வது சகஜம்.